ஒரு 'ப்' போட்டதால் மூன்றான குறுஞ்செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளும் அலுவலகங்களும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஆங்கிலத்தைவிட அதிகக் கட்டணம் பிடிக்கிறார்கள், இது தமிழுக்கு இழைக்கும் அநீதி என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒரு பள்ளி அலுவலகத்தில் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். அவர் கோபம் எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் தணிந்தது.

கடந்த ஜூன் மாதம் நாங்கள் எழுதிய செய்தி இது:

"அன்பார்ந்த பெற்றோர்களே, வருகின்ற வெள்ளிக்கிழமை அன்று காலை 10 மணிக்கு பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடைபெற உள்ளது. தவறாமல் கலந்துகொள்ளவும்."

அனுப்பும் திரையில் 134 எழுத்து, 2 செய்தி என்று காட்டியது. எங்கள் தமிழாசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, "மணிக்குப் பெற்றோர் என்று ஒற்று வர வேண்டும் சார்" என்றார். நியாயம்தானே? ஒரு 'ப்' சேர்த்தேன். திரையில் 136 எழுத்து, 3 செய்தி என்று மாறியது. எங்களிடம் உள்ள எண்கள் 1,100. ஒரு ஒற்றுக்காக 1,100 செய்திக்கான பணம் கூடுதலாகப் போகும்.

ஏன் இப்படி? ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு, அதாவது 1,120 பிட்டு. இது 1980களில் ஐரோப்பியப் பொறியாளர்கள் வகுத்த அளவு. ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற ஜெர்மானியர் தட்டச்சுப் பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்துப் பார்த்து, 160 எழுத்து போதும் என்று முடிவு செய்தார். ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டு வீதம் 1,120இல் 160 எழுத்து அடங்கும். தமிழ் எழுத்துகள் அந்த 7 பிட்டு அட்டவணையில் இல்லை. ஆகவே தமிழ் வந்தால் செய்தி யூனிகோடுக்கு மாறி, ஒவ்வொரு குறியும் 16 பிட்டு எடுத்துக்கொள்ளும். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70. அநீதி ஏதும் இல்லை, வகுத்தல்தான்.

செய்தி 70ஐத் தாண்டினால் பல துண்டாகும். துண்டுகளை வாங்கும் தொலைபேசி வரிசையாகச் சேர்ப்பதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் 6 பைட்டு குறிப்பு ஏறும். அந்த இடம் போனால் துண்டுக்கு 67தான் மிச்சம். 67ஐ இரண்டால் பெருக்கினால் 134. எங்கள் செய்தி ததும்பத் ததும்ப நின்றிருந்தது, 'ப்' அதை வழிய விட்டது. எண்ணிப் பார்த்தால் மூன்றாவது துண்டில் போவது என்ன தெரியுமா? 'கலந்துகொள்ளவும்' என்பதன் கடைசிப் புள்ளியும், ஒரு முற்றுப்புள்ளியும். 'ம' இரண்டாவது துண்டோடு நின்றுவிடும்.

இங்கேதான் தமிழுக்கென்றே உள்ள சிக்கல். 'ம்' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. தொலைபேசிக்கு அது 'ம' ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று, ஆக இரண்டு. 'கு', 'றோ', 'ளை' எல்லாம் அப்படித்தான். நம் 247 எழுத்தில் உயிர் பன்னிரண்டும், ஆய்தமும், 'க, ங, ச' என்று போகிற பதினெட்டும் மட்டுமே ஒன்றாகக் கணக்காகும். மீதி 216உம் இரண்டு. ஆகவே 70 என்பது நாம் எண்ணும் எழுத்தில் நாற்பத்துச் சொச்சம்தான் தேறும்.

வெட்டும் இடமும் இந்த எண்ணிக்கைப்படிதான். அதே செய்தியைச் சரியாக 67இல் வெட்டினால் முதல் துண்டு 'மணிக்க' என்று முடிந்து, அடுத்தது தனி உகரக் குறியோடு தொடங்கும். தொலைபேசி துண்டுகளைச் சேர்த்துவிட்டால் தெரியாது. சேர்க்காமல் தனித்தனியாகக் காட்டினால் இரண்டாவது செய்தியின் முதலில் ஒரு புள்ளி வட்டம் நிற்கும். முன்பு இப்படிப் போன வேறொரு செய்தியை ஒரு தாத்தா காட்டி "இது என்ன தம்பி, கோலம் மாதிரி?" என்று கேட்டார்.

சரி, என்ன செய்தேன்? ஒற்றை எடுத்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. ஒரு பள்ளியிலிருந்து போகும் செய்தியில் பிழையைத் தெரிந்தே அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. வாக்கியத்தையே மாற்றினோம். 'அன்பார்ந்த பெற்றோர்களே,' என்பதும் அதை ஒட்டிய இடைவெளியும் மட்டும் 24, அதாவது ஒரு முழுச் செய்தியில் மூன்றில் ஒரு பங்கு. 'வருகின்ற', 'அன்று' இரண்டும் தேதி போட்டால் வேண்டாம். 'நடைபெற உள்ளது' என்பதை 'நடக்கும்' என்றாக்கினால் 13 எட்டாகும், 'கூட்டம்' என்றே நிறுத்தினால் அதுவும் மிச்சம். 'மணிக்கு' என்பதை 'மணி' என்று நிறுத்தி முக்காற்புள்ளி வைத்தால் வேற்றுமை உருபும் போகிறது, ஒற்றுக்கும் வேலையில்லை.

"14.6 வெள்ளி காலை 10 மணி: பெற்றோர் ஆசிரியர் கூட்டம். தவறாமல் வரவும்."

இது 67. ஒரே செய்தி, மூன்று இடம் மீதி. 3,300 போக வேண்டியது 1,100இல் முடிந்தது. தமிழாசிரியை படித்துவிட்டு, "தந்தி மாதிரி இருக்கிறது, ஆனால் தப்பில்லை" என்றார்.

பெயர் நிரப்பி அனுப்பும் வார்ப்புகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'இன்று வரவில்லை' என்ற செய்தி பெயர் இல்லாமல் 60 என்றால், 'அனு' வீட்டுக்கு 63, ஒரு செய்தி. 'கிருஷ்ணமூர்த்தி' வீட்டுக்கு 75, இரண்டு செய்தி. அதனால் பட்டியலில் உள்ள மிக நீளமான பெயரைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். எண்ணுவதற்கு எக்செல் போதும், `=LEN(A1)` தமிழுக்கும் தொலைபேசி எண்ணும் அதே கணக்கைத் தருகிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய உரையில் சில நேரம் ஒன்றிரண்டு கூடுதலாக வரும். 'கொ' என்பதன் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்தால் அது இரண்டல்ல, மூன்று. திரும்பத் தட்டச்சு செய்தால் சரியாகிவிடும்.

ரூபாய்க் குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ச் செய்தியில் '₹' ஒன்று, 'ரூ.' மூன்று, ஆகவே குறிதான் லாபம். ஆங்கிலச் செய்தியிலோ அதே குறி ஒன்று நுழைந்தாலே மொத்தமும் யூனிகோடாகி 160 என்ற வரம்பு 70ஆகச் சுருங்கும். அங்கே 'Rs.' என்று அடிப்பதே நல்லது. எங்கள் பழைய கட்டண நினைவூட்டல் ஆங்கிலத்தில்தான் இருந்தது, இரண்டு செய்தியாகப் போய்க்கொண்டிருந்ததற்குக் காரணம் இந்தக் குறி என்று பல மாதம் யாருக்கும் தெரியவில்லை.

தமிழையும் 7 பிட்டில் அடக்கும் ஓர் அட்டவணை கைப்பேசித் தரநிலைகளில் சேர்க்கப்பட்டுத்தான் இருக்கிறது. அதில் ஒரு செய்திக்கு 155 குறி வரை போகலாம். ஆனால் அனுப்பும் சேவை, வலையமைப்பு, வாங்கும் தொலைபேசி எல்லாமே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் பயன்படுத்திய எந்தச் சேவையிலும் அந்த வசதி இல்லை. கட்டணத்தைப் பற்றிக் கோபப்பட்ட வாசகர் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் எண்ணம்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி அலுவலக உதவியாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்