R'000 வரியை வெட்டிவிட்டுக் கணக்குப் படம் அனுப்பாதீர்கள்: நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன்

மதிப்பிற்குரிய தலைவர் அய்யா அவர்களுக்கும், செயலாளருக்கும், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தார் பலர் பங்கு வைத்திருக்கும் முதலீட்டுக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கைப் பற்றி வாட்ஸப் குழுவில், முதலில் லாபத்தை ஆயிரம் மடங்கு குறைத்தும், பிறகு ஒரு பங்கின் வருவாயை ஆயிரம் மடங்கு கூட்டியும் நீங்கள் அனுப்பிய இரண்டு செய்திகளும், அவற்றால் எழுந்த குழப்பமும் உங்களுக்கே தெரியும். என் கோரிக்கை ஒன்றுதான். கணக்கைப் படமெடுத்து அனுப்பும்போது, தொகைகள் எந்த அலகில் இருக்கின்றன என்று சொல்லும் மேல் வரியையும் சேர்த்து அனுப்புங்கள். அதைச் சொற்களில் எழுதும்போது அந்த அலகால் பெருக்கி முழுத் தொகையை எழுதுங்கள்.

மூலப் பக்கத்தை நான் வாங்கிப் பார்த்தேன். ஆண்டைக் குறிக்கும் எண்ணுக்குக் கீழே, சிறிய எழுத்தில் R'000 என்று இருக்கிறது. கைப்பேசியை நெருக்கிப் பிடித்ததில் அந்த வரி படத்துக்கு வெளியே போய்விட்டது. மிஞ்சியது "ஆண்டு லாபம் 18 642" என்ற வரி. அதைப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் ராண்ட் என்று எழுதிவிட்டீர்கள். R'000 என்றால் அதற்குக் கீழே அந்தப் பத்தியில் வரிசையாக வரும் தொகைகள் ஆயிரம் ராண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. எனவே லாபம் 18 642 000 ராண்ட், அதாவது ஒரு கோடியே எண்பத்தாறு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.

இதன் விலையை யார் கொடுத்தார்கள் தெரியுமா? கோயிலுக்குப் பின் தெருவில் தனியாக இருக்கும் ஆயாவிடம், அவர் வீட்டுக்காரர் விட்டுப்போன 2 000 பங்குகள் இருந்தன. கம்பெனி மூழ்கப்போகிறது என்று பயந்து, பங்கு ஒரு ராண்ட் என்று மொத்தத்தையும் 2 000 ராண்டுக்குக் கொடுத்துவிட்டார். அதே கணக்கில் பங்குதாரர் மூலதனம் 215 000 என்று இருக்கிறது. ஆயிரத்தால் பெருக்கினால் இருபத்தொன்றரைக் கோடி ராண்ட். கம்பெனியின் பங்குகள் ஐந்து கோடி. ஒரு பங்கின் கணக்குமதிப்பு 4 ராண்ட் 30 சென்ட் வருகிறது. சந்தையில் பட்டியலிடாத பங்கு பெரும்பாலும் கணக்குமதிப்பைவிடக் குறைவாகவே விலைபோகும் என்பதை நான் அறிவேன். ஆனாலும் ஒரே ஆண்டில் 37 சென்ட் சம்பாதித்த பங்கை ஒரு ராண்டுக்கு யாரும் தெரிந்து விற்கமாட்டார்கள். ஏன் விற்றீர்கள் என்று கேட்டேன். "பெரியவங்க போட்டதுதானே தம்பி, தப்பா இருக்கும்னு நான் எப்படி நினைப்பேன்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

அடுத்து வந்த திருத்தம் மறுபக்கம் தவறியது. ஆயிரத்தால் பெருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதும், பக்கத்திலிருந்த எல்லா எண்ணையும் பெருக்கிவிட்டீர்கள். "ஒரு பங்குக்கான வருவாய் 37,3" என்ற வரியும் அதில் சிக்கி 37 300 சென்ட் ஆனது. பங்குக்கு 373 ராண்ட் லாபம் என்று படித்தவர்கள் இப்போது அதற்குக் குறைந்து விற்கமாட்டோம் என்கிறார்கள். அந்த வரியின் பெயருக்குப் பக்கத்திலேயே "சென்ட்" என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. ஒரு வரி தன் அலகைத் தானே சொன்னால், பத்தியின் தலையிலுள்ள அலகு அந்த வரிக்குப் பொருந்தாது. சதவீதத்துக்கும் பொருந்தாது. குறிப்பு எண் என்று இடையில் வரும் 7, 12 போன்றவை தொகைகளே அல்ல.

மேல் வரி கிடைக்காத படம் கையில் வந்தால் என்ன செய்வது? லாபத்தைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தோம், சரியாக 37 சென்ட் வந்தது, ஆகவே பெருக்க வேண்டியதில்லை என்று உங்களில் ஒருவர் வாதாடினார். 18 642ஐ 50 000ஆல் வகுத்தால் 0,37 ராண்ட் வருவது உண்மைதான். ஆனால் பங்கு எண்ணிக்கையும் அங்கே ஆயிரத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மேலேயும் கீழேயும் உள்ள ஆயிரங்கள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அந்தச் சோதனையால் அலகைக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தப் பக்கத்துக்கு வெளியே, முழு ராண்டில் தெரிந்த ஒரு தொகை வேண்டும்.

அது ஆயாவின் வங்கிக் கணக்கிலேயே இருந்தது. அவருக்கு டிவிடெண்டாக வந்தது 192 ராண்ட். 20 சதவீத டிவிடெண்ட் வரியைப் பிடிக்கும் முன் அது 240 ராண்ட், அதாவது 2 000 பங்குக்குத் தலா 12 சென்ட். கணக்கில் மொத்த டிவிடெண்ட் 6 000 என்று இருக்கிறது. அது வெறும் ஆறாயிரம் ராண்ட் என்றால், ஆயாவைப்போல் இருபத்தைந்து பேருக்குக் கொடுத்ததும் தீர்ந்துவிடும். நம் சங்கத்தில் மட்டுமே அதைவிட அதிகம் பேர் வாங்கியிருக்கிறார்கள். ஆயிரத்தால் பெருக்கினால் அறுபது லட்சம் ராண்ட். அதைப் பன்னிரண்டு சென்டால் வகுத்தால் ஐந்து கோடிப் பங்கு. கூட்ட அறிவிப்பில் 50 000 000 என்று முழுதாக அச்சிட்ட எண்ணிக்கையும் அதுவே. மில்லியனால் பெருக்கியிருந்தால் ஐயாயிரம் கோடிப் பங்கு என்று வந்து நிற்கும். அலகு ஆயிரம்தான் என்பது இப்படி உறுதியாகிறது.

கம்பெனிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. இதே அறிக்கையின் பளபளப்பான முதல் பக்கத்தில் லாபம் Rm 18,6 என்று மில்லியனில் இருக்கிறது. உள்ளே R'000. இயக்குநர் சம்பளக் குறிப்பில் முழு ராண்ட். இந்நாட்டில் காற்புள்ளிதான் தசமப்புள்ளி என்பதால், இந்தியாவிலிருந்து வந்த நம்மவர்கள் 18,6ஐப் பார்த்து இலக்கம் விட்டுப்போய்விட்டது என்கிறார்கள். தொகைகளை எந்த அளவுக்குச் சுருக்கி எழுதியிருக்கிறோம் என்பதைத் தெளிவாகத் தெரியும்படி காட்ட வேண்டும், புரிவதற்குத் தேவையான இடத்தில் திரும்பவும் சொல்ல வேண்டும் என்பது ஐஏஎஸ் 1 கணக்கியல் விதி. வயதானவர்கள் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் அச்சிடுவது எந்த வகையில் தெளிவு? ஆனால் அந்த விதி அறிக்கையைத்தான் கட்டுப்படுத்தும். நீங்கள் வெட்டிய படத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்பதைத் திரும்பவும் பணிவாகக் கேட்கிறேன். பத்தித் தலைப்பும் அலகும் தெரியும் முழுப் பக்கப் படத்தை மட்டும் அனுப்புங்கள். எழுதுபவர் ஒருவர் என்றால், மூலப் பக்கத்தை வைத்துச் சரிபார்ப்பவர் இன்னொருவராக இருக்கட்டும். முன்பு அனுப்பிய இரண்டு செய்திகளும் தவறு என்று பொதுக்கூட்டத்துக்கு முன்பே குழுவில் எழுதி, லாபம் 18 642 000 ராண்ட், ஒரு பங்குக்கு 37,3 சென்ட் என்று சரியான தொகைகளையும் போடுங்கள்.

ஆயாவின் பங்கை வாங்கியவர் நம் சங்க உறுப்பினர்தான். பங்கு மாற்றப் படிவம் கம்பெனியில் இன்னும் பதிவாகவில்லை என்று விசாரித்து அறிந்தேன். அவரை அழைத்துப் பேசி, 2 000 ராண்டைத் திருப்பிக் கொடுத்து விற்பனையை ரத்து செய்ய அவர் சம்மதிப்பாரா என்று தலைவர் அய்யா இந்த வாரமே கேட்டுச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினன் ஒருவன்