வாயால் சொன்ன வேலை

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு போனில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை புதுக் கம்பெனியின் மேனேஜர் கூப்பிட்டு "உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்றார், வெள்ளிக்கிழமைக்குள் ஆஃபர் லெட்டர் வரும் என்றார். இன்று புதன், இன்னும் வரவில்லை. ஆனாலும் இந்த வெள்ளிக்கிழமை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுத்துவிடலாம் என்று இருக்கிறாய். ராஜினாமாவை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை.

ஆள் எடுக்கும் பிரிவில் இத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். மேனேஜர் "சரி" என்பதற்கும் கடிதம் உன் கைக்கு வருவதற்கும் நடுவில் நாலைந்து மேசைகள் இருக்கின்றன. அந்தப் பதவிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று நிதிப் பிரிவு பார்க்க வேண்டும். உனக்குச் சொன்ன சம்பளம் அந்த கிரேடுக்குள் அடங்க வேண்டும். அப்புறம் கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இருக்க வேண்டும். பெரும்பாலும் தாமதம் இதில் ஏதாவது ஒன்றால்தான், உன்மேல் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் சில சமயம் முதலில் தேர்ந்தெடுத்த ஒருவர் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பார், அதுவரை அடுத்தவரைக் கையில் வைத்திருப்பார்கள். அதை யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள்.

ஒருமுறை ஒரு பையனுக்கு எங்கள் மேனேஜரே போனில் வேலை உறுதி என்று சொல்லிவிட்டார். பையன் மறுநாளே பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டான். அவனுடைய ஃபைல் சம்பள ஒப்புதலுக்காக என் மேசையில் பத்து நாள் கிடந்தது. பதினோராவது நாள் அந்தப் பதவியையே நிறுத்தி வைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. அவன் போன் செய்தபோதெல்லாம் "ப்ராசஸில் இருக்கிறது" என்று சொன்னது நான்தான். இன்றும் உறுத்துகிறது.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஸ்பாம் ஃபோல்டரைப் பார். கையெழுத்து வாங்குகிற இணைப்போடு வரும் மெயில் பல நேரம் வேறு முகவரியிலிருந்து வரும், அங்கே போய் ஒளிந்துகொள்ளும். அங்கே இல்லையென்றால், நாளைக் காலை உன்னோடு தொடர்பில் இருக்கும் ஹெச்.ஆருக்கு, பழைய மெயில் தொடரிலேயே இப்படி எழுது:

"வணக்கம். கடந்த வாரம் செவ்வாய்க்கிழமை மேனேஜர் தொலைபேசியில் தெரிவித்த பதவி, ஆண்டுச் சம்பளம், சேரும் தேதி ஆகியவற்றை நான் புரிந்துகொண்டபடி கீழே குறிப்பிட்டுள்ளேன். ஏதாவது மாற்றம் இருந்தால் சொல்லுங்கள். ஆஃபர் லெட்டர் தற்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம்? எனக்கு 60 நாள் நோட்டீஸ் இருப்பதால், கடிதம் வந்த பிறகே ராஜினாமா செய்ய முடியும்."

கீழே மூன்றே வரியில் அந்த விவரங்களைப் போடு. உண்மையில் இதைப் போன் வந்த அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும், பரவாயில்லை. அவர்கள் "ஆமாம், சரிதான்" என்று பதில் போட்டாலும் அது ஆஃபர் லெட்டர் ஆகிவிடாது. ஆனால் நாளைக்குச் சம்பளத்தைக் குறைத்து எழுதி வந்தால் காட்டுவதற்கு உன் கையில் ஒன்று இருக்கும். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதே. நீ சேருவது தள்ளிப்போவதற்குக் காரணம் அவர்கள் தாமதம் என்பதைச் சண்டை போடாமலே அது சொல்லிவிடும்.

வருகிற பதிலைக் கவனித்துப் படி. "நிதிப் பிரிவின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது, செவ்வாய்க்கிழமை வரும்" என்று காரணமும் தேதியும் சேர்ந்து வந்தால் வேலை நடக்கிறது. சம்பளச் சீட்டு, சான்றிதழ் என்று கேட்டாலும் நல்ல அறிகுறிதான். "சீக்கிரம் அனுப்புகிறோம்" என்று மட்டும் வந்தால் ஒருமுறை நம்பு. இரண்டாவது முறையும் அதே வாக்கியம் வந்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது.

திங்கட்கிழமை வரை பதிலே இல்லையென்றால் போன் செய். அதுவும் பலிக்காவிட்டால் புதன்கிழமை உன்னைக் கூப்பிட்ட அந்த மேனேஜருக்கே எழுது. ஆள் தேவைப்படுவது அவருக்கு, உள்ளே போய்க் கேட்கவும் அவரால் முடியும். தினமும் நச்சரிக்காதே. கையில் இல்லாத வேறு ஆஃபரைச் சொல்லி மிரட்டவும் வேண்டாம், "சரி, அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய்?

அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் இன்டர்வியூ இருக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றாயே, சொல்லிவிட்டாயா? இல்லையென்றால் போய் வா. மெயிலை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு காப்பி போடு, சம்பள வரியை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அம்மா