'சொந்தக் காரணம்' என்று எழுத மறுத்தேன்

ஆசிரியருக்கு,

தணிக்கையாளர்கள் ஆண்டின் நடுவே விலகும்போது 'வேலைப்பளு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். நானும் ஒரு நூற்பாலையின் தணிக்கையிலிருந்து விலகியவன்தான். கணக்கில் காட்டிய பஞ்சுப் பொதிகளைக் கிடங்கில் எண்ண விடவில்லை. மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. இதைத் தேதிகளோடு இயக்குநர் குழுவுக்கு எழுதினேன். நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 140-வது பிரிவின்படி, விலகிய 30 நாள்களுக்குள் ஏடிடி-3 படிவத்தில் அதே காரணத்தைப் பதிவாளரிடமும் தாக்கல் செய்தேன். "சொந்தக் காரணம் என்று போட்டுவிடுங்களேன்" என்றார் நிர்வாக இயக்குநர். போட்டிருந்தால், அடுத்து வருபவரும் அந்தப் பூட்டிய கதவின் முன்தான் நின்றிருப்பார்.

பிறகு எல்லாக் கோப்புகளையும் கேட்டார்கள். பேரேடுகளையும் வவுச்சர்களையும் திருப்பிக் கொடுத்தேன், அவை ஆலையுடையவை. நாங்கள் தயாரித்த பணித்தாள்கள் அப்படியல்ல. அவை தணிக்கையாளரின் உடைமை, ஏழு ஆண்டுகள் காக்க வேண்டியவை. (பலருக்கு இந்த வேறுபாடே தெரிவதில்லை.) பொறுப்பேற்கும் முன் புதியவர் முந்தையவருக்கு எழுத வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. அவர் எழுதினார். ஆலையின் ஒப்புதல் வந்த பிறகு, சரக்கிருப்பு தொடர்பான தாள்களின் நகலை அவருக்கு அனுப்பினேன். மூலத்தாள்கள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன.

- ஒரு பட்டயக் கணக்காளர், கோவை