கூரைச் சூரியத் தொகுதிகளின் மீடிறன் அமைப்புகளைப் பரிசோதியுங்கள்: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியபோது, பாணந்துறை துணை மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். குரங்கு இனியும் வரும், மின்னலும் விழும். ஒரு துணை மின்நிலையத்தின் கோளாறு ஏன் தீவு முழுவதையும் வீழ்த்தியது என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில் சூரிய மின்சாரத்தின் பங்கு உயர்ந்திருந்ததையும் கட்டமைப்பின் சடத்துவம், அதாவது திடீர் மாற்றத்தைத் தாங்கி நிற்கும் திறன், குறைந்திருந்ததையும் மின்சார சபையே தன் விளக்கத்தில் சொன்னது. அதற்குப் பிறகு வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் மூன்று மணி வரை கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களிடம் கேட்டது. நோய் தெரிந்திருக்கிறது, மருந்துதான் முரட்டுத்தனமானது.

நுரைச்சோலையிலும் விக்டோரியாவிலும் சுழலும் கனத்த சுழலிகள் இயக்கசக்தியைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஓர் இயந்திரம் திடீரென்று கழன்றுபோனால், மற்றவை அந்தச் சக்தியிலிருந்து குறையை ஈடுகட்டிக்கொண்டே வேகம் குறைகின்றன; அந்த வேகத்தோடு மின்சாரத்தின் மீடிறனும் விழுகிறது. கூரையில் உள்ள தகட்டிலும் இன்வேர்ட்டரிலும் சுழல்வது எதுவும் இல்லை. ஆகவே மதிய வெயிலில் சூரிய மின்சாரம் ஏற, அனல், நீர் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட, கட்டமைப்பு இலேசாகிக்கொண்டே போகிறது.

எவ்வளவு இலேசு என்பதைக் கணக்கிடுவது கடினமல்ல. இழந்த மெகாவாற்றை 25 ஆல் பெருக்கி, சுழலும் இயந்திரங்களின் மொத்த இயக்கசக்தியால் (மெகாவாற்-செக்கன்) வகுத்தால், 50 ஹேர்ட்ஸ் கட்டமைப்பில் மீடிறன் செக்கனுக்கு எத்தனை ஹேர்ட்ஸ் வீதம் விழத் தொடங்கும் என்பது கிடைக்கும். உதாரணத்துக்கு 10,000 மெகாவாற்-செக்கன் இருக்கும்போது 300 மெகாவாற் இயந்திரம் ஒன்று போனால் வீதம் 0.75. அதே இயந்திரம் 4,000 மட்டுமே இருக்கும் நண்பகலில் போனால் 1.875. முதலாவதில் 49 ஹேர்ட்ஸுக்கு இறங்க ஒரு செக்கனுக்கு மேல் ஆகும்; இரண்டாவதில் அரைச் செக்கன் போதும். நீர் இயந்திரத்தின் வாயில்கள் திறந்து கூடுதல் நீர் பாய்வதற்கு அதைவிட நெடுநேரம் வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அடுத்த கட்டம். பெரும்பாலான இன்வேர்ட்டர்களில் மீடிறன் மாறும் வீதத்தைக் கண்காணித்து, எல்லை மீறினால் தன்னைத் துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு ஒன்று உண்டு. அதன் நோக்கம் நல்லது: கம்பி அறுந்து ஒரு தெரு தனித்துப் போனால், அங்கு வேலை செய்யும் லைன்மேனுக்கு மின்சாரம் பாயக் கூடாது. ஆனால் அந்த எல்லை மிகக் குறைவாக இருந்தால், கட்டமைப்புக்கு உதவி தேவைப்படும் அதே கணத்தில் ஆயிரக்கணக்கான கூரைகள் ஒன்றாக விலகிவிடும்.

2019 ஓகஸ்ட் 9 அன்று பிரித்தானியாவில் இதுவே நடந்தது. மின்கடத்தி ஒன்றின் மீது மின்னல் விழுந்தது. ஹோர்ன்சீ கடற்காற்றாலையும் லிட்டில் பார்போர்ட் எரிவாயு நிலையத்தின் ஓர் இயந்திரமும் கழன்றன. மீடிறன் வேகமாக விழவே, செக்கனுக்கு 0.125 ஹேர்ட்ஸ் என்று அமைக்கப்பட்டிருந்த பாதுகாப்புகள் இயங்கி, சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து ஏறத்தாழ 350 மெகாவாற்றைக் கழற்றின. மீடிறன் 48.8 வரை இறங்கியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள். அந்த எல்லையை செக்கனுக்கு 1 ஹேர்ட்ஸாக உயர்த்தி, அரைச் செக்கன் தாமதமும் சேர்க்கும் வேலை அங்கு நாடளாவிய திட்டமாகவே நடத்தப்பட்டது.

தாமதம் ஏன் முக்கியம்? கோளாறு நேரும் கணத்தில் மின்னழுத்த அலை சட்டென்று இடம் பெயர்கிறது. மிகக் குறுகிய நேரத்தில் அளக்கும் கருவி அதை மீடிறனின் வீழ்ச்சி என்று தவறாக வாசித்துவிடும். எண்ணை மட்டும் உயர்த்தி, அளவிடும் நேரத்தை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடியும்.

இன்வேர்ட்டரைப் பொருத்துபவர் திரையில் வரும் நாடுகளின் பட்டியலில் ஒன்றைத் தெரிவு செய்கிறார். பாதுகாப்பு எல்லைகள் அத்தனையும் அந்த ஒரு தெரிவோடு வந்துவிடுகின்றன. தவறான நாட்டைத் தெரிவு செய்தாலும் தகடு மின்சாரம் தரும், கட்டணப் பட்டியல் குறையும், யாருக்கும் ஐயம் எழாது. ஆகவே இனி இணைக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் எல்லையையும் தாமதத்தையும் திரையில் வாசித்துப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குங்கள். ஏற்கெனவே உள்ளவற்றில் பெரியவற்றிலிருந்து தொடங்கிச் சரிபார்க்கச் செய்யுங்கள்.

அடுத்து, சுழலும் இயக்கசக்தியை அரை மணிக்கொரு முறை கணக்கிட்டு வெளியிடும்படி கட்டுப்பாட்டு நிலையத்தைப் பணியுங்கள். எந்தெந்த இயந்திரம் ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இது வெறும் கூட்டல். அயர்லாந்து 23,000 மெகாவாற்-செக்கன் என்று ஒரு தரையை வகுத்துக்கொண்டு, அதற்குக் கீழே இறங்காமல் கட்டமைப்பை இயக்கி வந்திருக்கிறது. நமக்கான தரை நம் மிகப் பெரிய தனி இயந்திரத்தையும், சரிபார்த்த இன்வேர்ட்டர் எல்லையையும் கொண்டே தீர்மானிக்கப்பட வேண்டும். அந்தத் தரையை எட்ட முடியாத நாட்களில் என்ன செய்வது என்பதற்கு தெற்கு அவுஸ்திரேலியா 2021 இல் ஒரு வழி காட்டியது: எரிபொருள் எரிக்காமல் சுழன்றுகொண்டிருக்கும், கனத்த சுழல் சில்லுகள் பொருத்திய நான்கு ஒத்தியங்கு இயந்திரங்கள், மொத்தம் 4,400 மெகாவாற்-செக்கன். விலை அதிகம்தான். ஆனால் எத்தனை தேவை என்று சொல்ல, முதலில் அளந்த எண்கள் மேசையில் இருக்க வேண்டும். அடுத்த புத்தாண்டு விடுமுறைக்கு முன் அந்த எண்களைப் பகிரங்கப்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மின் பொறியியலாளர்