உன் திருகோணமலைக் கிளெய்ம் ஏன் திரும்பி வந்தது

கொள்ளுப்பிட்டி

அன்பின் ரமணன்,

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததென்று அறிந்து நிம்மதி. உன் 40,900 ரூபாய் கிளெய்மைத் திருப்பியனுப்பிய கடிதம் எங்கள் நிதிப் பிரிவிலிருந்து கிடைத்திருக்கும். 'போதிய ஆதாரம் இல்லை' என்ற ஒற்றை வரி உனக்கு எதையும் சொல்லியிராது. அதனால்தான் எழுதுகிறேன்.

சிக்கல் ஹோட்டல் செலவில். நீ இணைத்தது 38,500 ரூபாய்க்கான கார்ட் ஸ்லிப். அது காசு கட்டியதற்குச் சாட்சி, எதற்குக் கட்டினாய் என்பதற்கு அல்ல. கூடவே வைத்த முன்பதிவுத் தாளில் ஓர் இரவுக்கு 15,000 என்றிருக்கிறது. இரண்டு இரவுக்கு 30,000, அதற்கு 18 வீத வற் 5,400, ஆக 35,400. மிச்சம் 3,100 ரூபாய் எதற்கென்று எந்தத் தாளிலும் இல்லை. இரவுச் சாப்பாடு அறைக் கணக்கில் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். சாப்பாட்டுப் படி உனக்கு முன்பணத்தோடேயே தந்தாயிற்று. இதையும் கொடுத்தால் ஒரே சாப்பாட்டுக்கு இருமுறை கொடுத்ததாகும், கணக்காய்வில் முதலில் பிடிபடுவதும் அதுதான். வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டிருந்தால் கதை வேறு. அது உபசரிப்புச் செலவு. வந்தவர்களின் பெயர், பேசிய விடயம், மனேஜரின் கையொப்பம் மூன்றையும் வைத்துத் தனியாகப் போடு.

இனிச் செய்ய வேண்டியது இது. ஹோட்டல் வரவேற்பறைக்கு மின்னஞ்சல் போட்டு, அறை இலக்கம், வெளியேறிய திகதி, கார்டின் கடைசி நான்கு இலக்கம் கொடுத்து விலைப்பட்டியலின் பிரதி கேள். ஒவ்வொரு செலவும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பார். கம்பனிப் பெயரும் முகவரியும் அதில் வரவேண்டும். உன் பெயருக்கே எழுதியிருந்தால் மாற்றித் தரும்படி கேள், நீயாகப் பேனையால் திருத்தாதே. திருத்திய பட்டியலை நாங்கள் ஏற்கமாட்டோம். 'பிரதி' என்று முத்திரை இருந்தால் பரவாயில்லை.

கார்ட் ஸ்லிப்பையும் எறிந்துவிடாதே, பட்டியலின் தொகையோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்தத் தாள் சூட்டில் மங்கிவிடும், இன்றைக்கே நான்கு மூலையும் தெரியப் படமெடுத்து வை.

மிச்ச 2,400 ரூபாய் ஆட்டோச் செலவு சின்ன விடயம். பற்றுச்சீட்டு இல்லாததால், ஒவ்வொரு பயணத்துக்கும் திகதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, எவ்வளவு என்று வவுச்சரில் எழுதிக் கையொப்பமிடு. மொத்தமாக ஒரே வரியில் எழுதினால் மறுபடி திரும்பிவரும்.

பழைய கிளெய்மைத் திறந்து திருத்தப் பார்க்காதே, நிராகரித்ததும் அது மூடிவிடும். புதிதாக ஒன்று போட்டு, குறிப்பில் பழைய இலக்கத்தை எழுது. எழுதாவிட்டால் அதே திகதி, அதே ஹோட்டல் என்று இரட்டைக் கிளெய்மாகச் சிஸ்டம் தடுத்துவிடும். 3,100ஐ விட்டுவிட்டு 37,800க்குப் போட்டால் போதும்.

பயணம் முடிந்து 30 நாளுக்குள் போட வேண்டும் என்ற கெடு புதிய கிளெய்முக்கும் பழைய திகதியிலிருந்தே ஓடுகிறது. உனக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஹோட்டல் பதில் தரத் தாமதித்தால், நீ அனுப்பிய மின்னஞ்சலை எனக்கும் பிரதியிடு, கெடு நீடிப்புக்கு அதையே ஆதாரமாகக் காட்டலாம்.

அன்புடன்,
குமரன்