புலப்படத்தில் எந்தக் கல்லிலிருந்து அளப்பது? நில அளவைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறையின் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பவன். மனை வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் கையில் எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தோடுதான் வருகிறார்கள். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் போதும், படம் இறங்கிவிடுகிறது. முன்பு இதற்காக வட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. அந்த வகையில் துறைக்கு நன்றி. ஆனால் இறங்கிய படத்தை வைத்துக்கொண்டு தன் மனையின் மூலை எங்கே இருக்கிறது என்று தரையில் காட்டக்கூடியவர் அபூர்வம். அது படிப்பவரின் குறை மட்டும் இல்லை என்பதால்தான் இந்த மடல்.

வருகிறவர் முதலில் செய்வது, படத்தில் தன் உட்பிரிவைத் தேடி, அதன் நான்கு பக்க நீளத்தைப் படிக்கப் பார்ப்பது. பல படங்களில் அந்த நீளம் எழுதப்பட்டிருக்காது, எழுதியிருந்தாலும் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். உடனே ஸ்கேலை எடுத்து அச்சிட்ட தாளை அளக்கிறார். 1:2000 அளவுத் திட்டத்தில் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 2 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனே ஒரு மீட்டரை விழுங்கிவிடும். பிரவுசிங் சென்டரில் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்சிட்டிருந்தால் அந்த அளவுத் திட்டமும் பொய். புலப்படம் ஸ்கேல் வைத்து அளப்பதற்கானதே அல்ல. அதில் எழுதியிருக்கும் எண்கள்தான் எல்லை.

அந்த எண்களில் இரண்டு வகை உண்டு. புலத்தின் ஒரு மூலைக் கல்லிலிருந்து இன்னொரு மூலைக் கல்லுக்கு ஒரு அளவுக் கோடு போகும். அந்தக் கோட்டின் வழியே தொடக்கக் கல்லிலிருந்து எவ்வளவு தூரம் என்பது ஓட்ட அளவு. அந்த இடத்தில் கோட்டுக்குச் செங்குத்தாகத் திரும்பி எவ்வளவு தூரம் போனால் மனையின் மூலை வரும் என்பது ஆப்செட். உட்பிரிவின் மூலை ஒவ்வொன்றும் இந்த இரண்டு எண்களால்தான் தரையோடு கட்டப்பட்டிருக்கிறது. பக்கத்து வேலியையோ வரப்பையோ வைத்து அல்ல.

ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். புல எண் 214-இல் உட்பிரிவு 2 இரண்டாகப் பிரிந்து 2A, 2B ஆகியிருக்கிறது. தெற்கு எல்லையில் மேற்கு மூலைக் கல்லிலிருந்து கிழக்கு மூலைக் கல் வரை கோட்டின் நீளம் 96.4 மீட்டர். 2B-யின் இரண்டு மூலைகள் அந்தக் கோட்டிலேயே 20.2-இலும் 45.2-இலும் விழுகின்றன. மற்ற இரண்டும் அதே இடங்களிலிருந்து வடக்கே 14.0, 18.0 மீட்டர் ஆப்செட்டில் இருக்கின்றன. அகலம் 25, இரு பக்கங்களின் சராசரி 16. ஆக 400 சதுர மீட்டர், பட்டாவில் 0 ஹெக்டேர் 4.00 ஏர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் இது 9.88 சென்ட். பத்திரத்தில் 10 சென்ட் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஐந்து சதுர மீட்டருக்குக் குறைவான வித்தியாசத்துக்காகச் சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள். விஷயம் அதில் இல்லை.

படத்தில் 20.2, 45.2 என்ற எண்கள் எந்த முனையிலிருந்து தொடங்குகின்றன என்பது தெளிவாகத் தெரியவில்லை என்று வையுங்கள். அளப்பவர் கிழக்குக் கல்லிலிருந்து தொடங்கிவிடுகிறார். 45.2 என்று அவர் குச்சி நடும் இடம் மேற்குக் கல்லிலிருந்து 51.2 மீட்டரில் இருக்கிறது. 20.2 போய் 76.2 ஆகிறது. மனை முழுவதும் இடவலம் மாறி, 2B-க்கு வெளியே போய் 2A-க்குள் உட்கார்ந்துவிட்டது. உண்மையான கிழக்கு எல்லைக்கும் இவர் காட்டும் எல்லைக்கும் நடுவில் 6 மீட்டர் சந்து. இதில் கொடுமை என்னவென்றால், இப்போது பரப்பைக் கணக்குப் போட்டாலும் அதே 400 சதுர மீட்டர்தான் வரும். "பட்டா பரப்பும் தரையும் ஒத்துப்போகிறது சார்" என்று சந்தோஷமாகச் சொல்வார். பரப்பு சரியாக இருப்பது இடம் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

அளக்கத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கல்லுக்குக் கல் முழு நீளத்தை முதலில் பிடிக்க வேண்டும். 96.4 வர வேண்டிய இடத்தில் 95.1 வந்தால் ஏதோ ஒரு கல் நகர்ந்திருக்கிறது, அல்லது நாம் நிற்பது வேறு கல். எந்தக் கல் என்பதை மூன்றாவது மூலைக் கல்லிலிருந்து இரண்டுக்கும் அளந்து பார்த்தால்தான் தெரியும். டேப்பை வரப்பு மேடு பள்ளத்தோடு படுக்கவிட்டால் நீளம் கூடுதலாகக் காட்டும், மட்டமாகப் பிடிக்க வேண்டும். கற்களே காணாமல் போயிருந்தால் வாங்குபவர் இதோடு நிறுத்திக்கொண்டு எஃப்-லைன் மனு போட்டு அரசு அளவரை வரவழைப்பதுதான் வழி.

அடுத்தது உட்பிரிவு எண். 2A, 2B என்றால் முன்பு 2 என்று ஒன்று இருந்து பிரிந்தது என்று பொருள். 2B மறுபடி பிரிந்தால் 2B1, 2B2. எண் வம்சாவளியைச் சொல்கிறது, திசையைச் சொல்வதில்லை. A மேற்கே, B கிழக்கே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூலப் பத்திரம் 214/2 என்றும் பட்டா 214/2B என்றும் சொல்லும். வில்லங்கச் சான்று புது எண்ணுக்கு மட்டும் போட்டால் பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமலே போகலாம்.

பிரிவே நடக்காத கதை இன்னும் சிக்கல். 214/2-இல் ஐந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி, உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவில் பெயர் மட்டும் ஏற்றியிருப்பார்கள். புலப்படத்தில் அவர்களுக்கு இடையே கோடே கிடையாது. இல்லாத கோட்டை எந்த அளவராலும் படத்திலிருந்து எடுத்துக் காட்ட முடியாது. பத்திரத்தின் நான்கெல்லை விவரம் ஒன்றுதான் அவர்களுக்குத் துணை. அதிலும் "கிழக்கே இன்னார் நிலம்" என்று எழுதியிருக்கும், இன்னார் விற்றுவிட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருக்கும்.

எனவே துறையிடம் கேட்பது மூன்று. இணையப் புலப்படத்தின் அடியில், கேட்ட உட்பிரிவுக்கு மட்டும் ஒரு சிறு அட்டவணை வேண்டும்: எந்த மூலை, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் நோக்கி, ஓட்ட அளவு எவ்வளவு, ஆப்செட் எவ்வளவு, எந்தப் பக்கம். மேலே சொன்ன மனைக்கு நான்கு வரிகள் போதும். அப்புறம், அந்த உட்பிரிவு எந்த எண்ணிலிருந்து எந்தத் தேதி உத்தரவில் பிரிந்தது என்று ஒரு வரி. கடைசியாக, கணினிப் படம் எந்தத் தேதி வரை திருத்தப்பட்டது என்பது. பட்டாவில் 2B வந்தும் படத்தில் வெறும் 2 நிற்கும்போது, பிரிவு நடக்கவில்லையா, படம் ஏறவில்லையா என்று வாங்குபவருக்குத் தெரிய வேறு வழியில்லை.

மூன்றில் ஒன்றைத்தான் இப்போது செய்ய முடியும் என்றால் அட்டவணையைச் செய்யுங்கள். மற்ற இரண்டையும் பழைய ஆவணங்களைப் புரட்டியாவது ஒருவாறு தேடிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்