வாஷ்பேசினுக்கு எந்த அரைக்கோளமும் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், "வாஷ்பேசினில் வடியும் தண்ணீர் வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகவும் தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழியாகவும் சுழலும், பூமியின் சுழற்சியே இதற்குக் காரணம்" என்று எழுதியிருந்தீர்கள். அத்தோடு விட்டிருந்தால் பேசாமல் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அதன் கீழே பெட்டி கட்டி, "மாணவர்களே, வீட்டிலேயே செய்து பாருங்கள்" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். செய்து பார்த்த பிள்ளைக்குத் தண்ணீர் வலஞ்சுழியாகப் போனால் என்ன நடக்கும்? கண்ணால் கண்டதை ரப்பர் வைத்து அழித்துவிட்டு, அச்சில் வந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு போகும். அறிவியல் வளர்ப்பதற்கு நல்ல வழிதான்.

பூமி சுழல்வதால், நகரும் காற்றும் நீரும் பக்கவாட்டில் விலகும் கொரியாலிஸ் விளைவு உண்மை என்பதில் எனக்கு மறுப்பில்லை. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் சுழல்கிறது. அங்கே பூமியின் கை ஓங்குகிறது. வாஷ்பேசினோ அரை நிமிடத்தில் காலியாகிவிடும். இந்த வித்தியாசம் தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் கட்டுரையில் ஒரு எண்கூட இல்லாததால், அந்தக் கணக்கை நானே போட்டுவிடுகிறேன்.

45 பாகை அட்சரேகையில் ஒரு தொட்டி. துளையிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் தண்ணீருக்குப் பூமியின் சுழற்சி கொடுக்கும் பக்கவாட்டு வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தண்ணீர் துளையை நெருங்கும்போது ஆரம் எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு சுற்றும் வேகம் கூடும். ஆகவே துளையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு வரும்போது 20 மடங்கு, அதாவது வினாடிக்கு 0.2 மில்லிமீட்டர். இந்த வேகத்தில் ஒரு சுற்று முடிய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தொட்டியே காய்ந்திருக்கும்.

இப்போது குழாயைத் திறந்து நிரப்பிய தண்ணீரைப் பாருங்கள். அசையாமல் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டராவது மெதுவாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரு சிட்டிகை மிளகுத்தூளைத் தூவினால் கண்ணுக்கே தெரியும். அதுவே பூமி கொடுப்பதைப் போல நூறு மடங்கு. அந்தத் தண்ணீர் துளை அருகே வரும்போது மூன்று வினாடிக்கு ஒரு சுற்று சுற்றும். நீங்கள் பார்க்கும் சுழல் இதுதான். குழாய் நடுவில் இல்லாமல் ஓரமாகக் கொட்டியது, கையை உள்ளே விட்டுக் கலக்கியது, அடைப்பானை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தது, தொட்டியின் அடி சற்றே கோணலாக இருப்பது, இவற்றில் எது பெரிதோ அது திசையைத் தீர்மானிக்கிறது. ஒரே வாஷ்பேசினில் எப்போதும் ஒரே திசை வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. குழாய் மூக்கை மறுபக்கம் திருப்பி நிரப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் திசையும் திரும்பிவிடும். அப்படியும் திரும்பாவிட்டால் தொட்டியின் வடிவத்தைச் சந்தேகிக்கலாம். பூமியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பூமியின் பங்கைப் பார்க்கவே முடியாதா என்றால், முடியும். 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷாப்பிரோ செய்து காட்டினார். என்ன பாடுபட்டார் என்பதைத்தான் உங்கள் கட்டுரையாளர் படித்திருக்க வேண்டும். 1.8 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி, 15 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர், நட்ட நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த துளை. துளைக்குக் கீழே ஆறு மீட்டர் நீளக் குழாயைப் பொருத்தி, அடைப்பானை அதன் கடைசி முனையில் வைத்தார். அடைப்பானை இழுக்கும் அசைவு தொட்டித் தண்ணீரை எட்டக் கூடாது என்பதற்காக. நிரப்பும்போது வேண்டுமென்றே வலஞ்சுழியாக நிரப்பினார். மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் அது பூமிக்கு எதிராகத்தான் இருக்கும். காற்று படாமல் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அறையின் வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொண்டு, 24 மணி நேரம் விட்டுவைத்தார். ஓரிரு மணி நேரம் மட்டும் காத்திருந்து திறந்தால், நிரப்பிய திசையிலேயே தண்ணீர் சுற்றியது.

தொட்டி காலியாக 20 நிமிடம். தொடக்கத்தில் 12 நிமிடத்துக்கும் மேலாக, துளைக்கு மேலே மிதக்கவிட்ட சிறு மிதவையில் எந்தச் சுழற்சியும் தெரியவில்லை. ஓரத்துத் தண்ணீர் துளைக்கு வந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. பூமி கொடுத்த சுழற்சியில் பெரும்பகுதி அந்த ஓரத்துத் தண்ணீரிடம்தான் இருக்கிறது. பிறகு மெல்ல இடஞ்சுழி தொடங்கி, கடைசியில் மூன்று நான்கு வினாடிக்கு ஒரு சுற்று வரை போனது. 90 சென்டிமீட்டர் ஆரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் வரை மேலே சொன்ன அதே கணக்கைப் போட்டாலும் ஏறக்குறைய நான்கு வினாடிதான் வரும். 1965-இல் சிட்னியில் இதே மாதிரிச் சோதனை செய்தார்கள், வலஞ்சுழி வந்தது. ஆக, உங்கள் வாக்கியம் உண்மையாக வேண்டுமானால் பல் தேய்த்தபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை மூடி வைக்க வேண்டும்.

அந்தப் பக்கத்துப் படத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கென்யாவின் நான்யூகியில் பூமத்திய ரேகைப் பலகையின் இரு பக்கமும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டும் வித்தையைச் 'சான்று' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ரேகையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்றால், பூமி அந்தக் கிண்ணத்தைத் தன் அச்சில் ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 870 ஆண்டுகள் ஆகும். வேடிக்கை காட்டுபவர் ஒரு பக்கம் இடமாகத் திரும்பிக் கிண்ணத்தை வைக்கிறார், மறுபக்கம் வலமாகத் திரும்பி வைக்கிறார், அல்லது தண்ணீரை ஓரமாகச் சாய்த்து ஊற்றுகிறார். அது அவர் பிழைப்பு, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அதை அறிவியல் பக்கத்தில் ஏற்றியவர்மேல்தான் கோபம்.

இது முதல் முறையுமல்ல. மழைத்துளியைக் கண்ணீர்த்துளி வடிவில் வரைந்தபோது எழுதினேன். சிறு துளி உருண்டை, பெருந்துளி அடியில் தட்டை என்று படமே போட்டு அனுப்பினேன். பதிலில்லை. வட அரைக்கோளப் புயலுக்கு அம்புக்குறியை வலஞ்சுழியாகப் போட்டபோது எழுதியதை இரண்டு வரியாக நறுக்கி, "வாசகர் கருத்து மாறுபடுகிறது" என்று வெளியிட்டீர்கள். மாறுபட்டது புயல், ஐயா. நான் அல்ல. புயலில் திசையைத் தவறவிட்டவர்கள் வாஷ்பேசினில் மட்டும் அடித்துச் சொல்கிறீர்கள்.

நான் கேட்பது சிறிது. அந்தப் பெட்டியை அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்திப் போடுங்கள். தொட்டியை நிரப்பிக் கையால் ஒரு முறை இடமாகச் சுற்றிவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, அடைப்பானை நேராக மேலே தூக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வலமாகச் சுற்றிவிட்டு அதையே செய்யட்டும். மிளகுத்தூள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைப் பார்த்தபடியே எழுதச் சொல்லுங்கள். விடையை மட்டும் முன்கூட்டியே அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத வாசகர்